மிக்ஸிங் எப்போது இசையமைப்பு ஆகிறது?

"மெட்டு போட்டவர், வரி எழுதியவர், பாடியவர், வாசித்தவர் இவர்களெல்லாம் படைப்பாளிகள் என்பது புரிகிறது. மிக்ஸிங் என்பது பதிவானதைச் சரிசெய்கிற டெக்னிக்கல் வேலைதானே? 'ஸ்டுடியோவே ஒரு வாத்தியம்' என்று சொல்கிறார்களே, அது சும்மா பெருமைக்கா, நிஜமா? ஏதாவது ஒரு பாட்டை வைத்து விளக்க முடியுமா?"

பெரும்பாலான பாட்டுகளுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. பாடகரின் குரல் டிரம்ஸுக்கு அடியில் போய்விடாமல் பார்ப்பது, பேஸ் கிட்டார் சின்ன ஸ்பீக்கரில் உறுமாமல் அடக்குவது, வயலின்கள் காதைக் குத்தாமல் இழைப்பது இதெல்லாம் தேர்ந்த கைவேலை. அதற்கு நல்ல காது வேண்டும், பல வருடப் பழக்கம் வேண்டும். ஆனாலும் பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றே ஒன்று. எந்தச் சுரம் எப்போது எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி மறைய வேண்டும் என்ற முடிவு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது? ஹார்மோனியத்திலோ நொட்டேஷன் தாளிலோ எடுக்கப்பட்டிருந்தால், மிக்ஸிங் அதை நன்றாகக் கேட்கவைக்கும் வேலை. அந்த முடிவே மிக்ஸிங் கன்சோலில், ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை நகர்த்தும் விரலில் எடுக்கப்பட்டிருந்தால், அங்கே நடந்தது இசையமைப்பு. இதை மறுக்கவே முடியாதபடி காட்டுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. டென் சிசி என்ற பிரிட்டிஷ் குழு 1975இல் வெளியிட்ட 'ஐம் நாட் இன் லவ்'. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம் பிடித்த பாட்டு. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். முடிந்தால் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

குழுவில் நான்கு பேர்: எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மேன், கெவின் காட்லி, லால் கிரீம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோஸ் என்ற ஸ்டுடியோ. அதில் ஸ்டூவர்ட்டுக்குப் பங்கு உண்டு, இன்ஜினியர் வேலையையும் அவரே பார்த்தார். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிற எந்தக் குழுவும் இந்தப் பாட்டைச் செய்திருக்க முடியாது. பின்னணியில் வரும் குரல்களை அடுக்குவதற்கு மட்டுமே மூன்று வாரம் பிடித்தது.

மெட்டும் வரியும் ஸ்டூவர்ட்டும் கோல்ட்மேனும் போட்டது. முதலில் அதை போசா நோவா என்ற பிரேசில் தாளத்தில் பதிவு செய்தார்கள். காட்லிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்த டேப்பையே அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். வாத்தியங்களை விட்டுவிட்டு முழுக்க முழுக்கக் குரல்களால் செய்யலாம் என்றார் காட்லி. முடிவே இல்லாமல் நீளும் குரலை எங்கே போய்ப் பிடிப்பது என்ற கேள்விக்கு, டேப்பை வளையமாக ஒட்டி லூப் ஆக்கிவிடலாம் என்றார் கிரீம். மெட்டும் வரியும் போசா நோவாவாகத் தோற்ற அதே மெட்டு, அதே வரிதான். அதற்குப் பிறகு மாறியதெல்லாம் ஸ்டுடியோவுக்குள் மாறியது.

செய்தது இதுதான். கோல்ட்மேன், காட்லி, கிரீம் மூவரும் மைக்கைச் சுற்றி நின்று ஒரே ஒரு சுரத்தை 'ஆ...' என்று நீட்டிப் பாடினார்கள். அதே சுரத்தைப் பதினாறு முறை பாடி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். மூவர், பதினாறு முறை, ஆக ஒரு சுரத்துக்கு 48 குரல். பிறகு அரைச்சுரம் ஏறி அடுத்தது. நம் கணக்கில் சொன்னால் ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு சுரஸ்தானங்களுக்கும் இப்படியே. மொத்தம் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குரல்கள். இதில் மெட்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, எந்தப் பாட்டுக்கும் சொந்தமில்லாமல் டேப்பில் கிடந்தது.

ஒருமுறை பாடி அதை 48 நகல் எடுத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. ஒரு பதிவின்மேல் அதே பதிவின் நகலை அச்சுப்பிசகாமல் வைத்தால் ஒலி 6 டெசிபல் ஏறும், வேறொன்றும் நடக்காது. குரலின் குணம் அப்படியே ஒற்றைக் குரலாக இருக்கும். நகலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னும் மோசம். ஆயிரத்தில் ஒரு நொடி தள்ளினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். குழாய்க்குள் நின்று பாடுவதுபோல ஆகும். மனிதர் உண்மையிலேயே இரண்டு முறை பாடினால்தான் கதை மாறும். முதல் தடவை 440 ஹெர்ட்ஸில் நின்ற குரல் அடுத்த தடவை 442இல் நிற்கும். இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி தணிந்து எழும். இதுபோல 48 குரல்கள், ஒவ்வொன்றும் தன் போக்கில் கொஞ்சம் அசைந்துகொண்டே இருந்தால், அந்த எழுச்சி தாழ்ச்சிகள் ஒன்றோடொன்று கலந்து தனித்தனியாகக் காதில் விழாமல் போய்விடும். மிஞ்சுவது ஒரு மினுமினுப்பு. யார் பாடுகிறார், எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று சொல்ல முடியாத ஒலி. பாடகர்களின் சின்னச் சின்னப் பிசகுதான் இங்கே மூலப்பொருள். சுருதி சுத்தம் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இந்த ஒலி வந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டேப்பில் தனித்தனியாகப் பதிய இருந்த டிராக்குகள் பதினாறுதான். நாற்பத்தெட்டுக் குரல்களையும் தனித்தனியாகக் கடைசிவரை வைத்திருக்க இடம் கிடையாது. ஒரு சுரம் முடிந்ததும் அதன் எல்லாக் குரல்களையும் கலந்து ஒன்றாக்கிவிட்டுத்தான் அடுத்த சுரத்துக்குப் போக முடியும். கலந்தது கலந்ததுதான், பிறகு பிரிக்க முடியாது. இன்றைக்குக் கணினியில் எல்லாவற்றையும் திறந்தே வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை தயங்கலாம். அந்தத் தயக்கத்துக்கு அன்று வாய்ப்பில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் 'இதுதான் ஒலி' என்று முடிவுகட்ட வேண்டியிருந்தது. அது நல்லதுக்குத்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்களும் உண்டு.

அடுத்தது லூப். எவ்வளவு தம் பிடித்தாலும் மனிதக் குரல் சில நொடிகளில் அடங்கிவிடும், பாட்டோ ஆறு நிமிடம். ஸ்டூவர்ட் ஒவ்வொரு சுரத்தின் கலவையையும் சுமார் 12 அடி நீள டேப்பாக வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார். வளையத்தின் ஒரு பக்கம் டேப் ரெக்கார்டரில் ஒலியைப் படிக்கும் ஹெட்டைச் சுற்றிப் போகும்; மறுபக்கம் சற்றுத் தள்ளி நிறுத்தப்பட்ட மைக் ஸ்டாண்டின் உச்சியில் பொருத்திய உருளையைச் சுற்றி வரும். ஸ்டாண்டைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் டேப் விறைப்பாகும். விறைப்பு குறைந்தால் டேப் வழுக்கும், சுருதி அலையும்.

ஏன் அத்தனை நீளம்? ஒட்டிய இடம் ஹெட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் தட்டல் கேட்கும். டேப் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால் 12 அடி வளையம் ஒரு சுற்று வர ஏறக்குறைய பத்து நொடி ஆகும். இரண்டு அடி வளையமாக இருந்தால் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை தட்டும். காது உடனே அதைத் தாளமாக எடுத்துக்கொள்ளும், பாட்டின் தாளத்தோடு சண்டை வரும். பத்து நொடிக்கு ஒருமுறை, அதுவும் பன்னிரண்டு வளையங்களில் வெவ்வேறு நேரத்தில் வந்தால், மற்ற ஒலிகளுக்குள் அது கரைந்துவிடும். எல்லா ஒட்டுகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு லூப்பையும் ஓடவிட்டு, பாட்டின் நீளத்துக்குப் பல டிராக் டேப்பில் தனி டிராக்காக ஏற்றினார்கள். பிளே பட்டனை அழுத்தினால் இப்போது பன்னிரண்டு சுரங்களும் ஒரே நேரத்தில், நிற்காமல் ஒலிக்கும். காது தாங்காத கூச்சல்தான் அது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. நான்கு பேரும் கன்சோல் முன்னால் உட்கார்ந்து ஃபேடர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாட்டின் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, எதுவோ அதற்குரிய மூன்று நான்கு சுரங்களின் ஃபேடர்களை மேலே ஏற்றுவார்கள். கார்டு மாறும்போது அவற்றை இறக்கி வேறு சிலவற்றை ஏற்றுவார்கள். பாட்டின் பின்னணி முழுவதும் இப்படி வாசிக்கப்பட்டதுதான். 'வாசிக்கப்பட்டது' என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு சுரமும் தயாராக இருக்கின்றன, எது எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை விரல்கள் தீர்மானிக்கின்றன. கீபோர்டில் நடப்பதும் அதுதானே.

கீபோர்டிலிருந்து ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஆர்கன் கட்டையை அழுத்தினால் சுரம் உடனே வரும், விட்டால் உடனே போகும். ஃபேடர் அப்படி இல்லை. அரை நொடியில் ஏற்றலாம், மூன்று நொடி எடுத்தும் ஏற்றலாம். லூப்பில் இருப்பது சுரத்தின் நடுப்பகுதி மட்டும். பாடகர் மூச்சிழுத்த சத்தமோ, குரல் எழுந்த முதல் கணமோ அதில் கிடையாது. ஆகவே அந்தச் சுரம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாடகர் தீர்மானிக்கவில்லை, ஃபேடரைத் தொட்டவர் தீர்மானித்தார். பாட்டைக் கேட்கும்போது ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குத் திட்டவட்டமான எல்லையே இல்லாததை உணர்வீர்கள். பழையது போய்முடிவதற்குள் புதியது வந்து கலந்திருக்கும். இதைத் தாளில் எழுத முடியும்தான், ஆனால் யாரும் எழுதவில்லை. நான்கு பேரின் விரல் வேகத்தில் அது முடிவானது. இந்த முறைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது: வேகமான கார்டு மாற்றங்களுக்கு இது சரிப்படாது. எட்டுக் கைகளால் பன்னிரண்டு ஃபேடர்களை அத்தனை துல்லியமாக ஆட்ட முடியாது. பாட்டு நிதானமாக நகர்வதற்கும் இந்த முறைக்கும் உள்ள பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இனிமேல்தான். ஸ்டூவர்ட் ஒவ்வொரு ஃபேடரின் அடியிலும் ஒட்டு டேப்பை ஒட்டிவைத்தார். ஃபேடரை முழுக்கக் கீழே இறக்க முடியாது. அந்த டேப்பில் முட்டி நின்றுவிடும். அதனால் பாட்டு முழுவதும், எந்தக் கார்டு ஒலித்தாலும், மீதிச் சுரங்களும் மிக மெல்லியதாக ஒலித்துக்கொண்டே இருக்கும். இசை இலக்கணப்படி இது பெரும் அபசுரம். பன்னிரண்டு சுரஸ்தானங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு யாராவது பாடுவார்களா? நம் தம்பூராவில் ஸட்ஜமும் பஞ்சமமும் நிற்கும், மீதி எல்லாம் அதன்மேல் எழும்பும். இங்கே சகல சுரங்களும் சேர்ந்து ஒரு தம்பூரா. ஒலி அளவு மிகக் குறைவு என்பதால் காது அதைச் சுரமாக எடுத்துக்கொள்வதில்லை, காற்றாக எடுத்துக்கொள்கிறது. ஒரு கார்டு எழும்போது அது எங்கிருந்தோ புதிதாக வருவதுபோல இல்லாமல், ஏற்கெனவே அங்கே இருந்த மூட்டத்திலிருந்து திரண்டு வருவதுபோல இருப்பது இதனால்தான். ஒரு துண்டு டேப் செய்த வேலை இது. மெட்டு போடுபவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் பியானோ முன்னால் உட்கார்ந்து இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. கன்சோல் என்ற பொருள் முன்னால் இருந்தால்தான் இப்படி ஒரு யோசனையே பிறக்கும்.

மற்ற வாத்தியங்களை அவர்கள் எவ்வளவு குறைத்தார்கள் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ஒரு எலெக்ட்ரிக் பியானோ, ஒரு கிட்டார், மூக் சிந்தசைசரில் எழுப்பிய மெத்தென்ற பேஸ் டிரம் துடிப்பு. வழக்கமான டிரம் செட் கிடையாது, சிம்பல் கிடையாது. சிம்பலின் கிச்சுகிச்சு ஒலியும் குரல்களின் காற்றொலியும் ஒரே உயர் அலைவரிசைப் பகுதியில்தான் வாழும். ஒரு ஹை-ஹாட் நுழைந்திருந்தால் மூன்று வார உழைப்பும் அதற்கு அடியில் போயிருக்கும். அடுக்கடுக்காகக் குரல் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்: முப்பது டிராக் குரல் பாடிவிட்டு, டிரம்ஸ், ஷேக்கர், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, 'கோரஸ் ஏன் பெரிதாகக் கேட்கவில்லை' என்று அதன் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

இந்த மூட்டத்தின் நடுவே ஸ்டூவர்ட்டின் குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறது. வரிகளின் சாரம், நான் ஒன்றும் காதலிக்கவில்லை என்று ஒருவன் சாதிப்பது. உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பதுகூட அங்கே உள்ள கறையை மறைக்கத்தான் என்கிறான். வாய் மறுத்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் உள்ள அந்த ஐந்நூறு குரல்கள் அதை நம்பவில்லை. போசா நோவாவாக இருந்தபோது இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான காதல் பாட்டு, அவ்வளவுதான் இருந்திருக்கும். வரிக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள இந்த முரண்தான் பாட்டின் பொருள், அது மிக்ஸில் உண்டானது. (ஆறு நிமிடம் எனக்குக் கொஞ்சம் நீளம்தான், நடுவில் வரும் பேஸ் கிட்டார் பகுதி இல்லாவிட்டாலும் குறையில்லை என்பேன்.)

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ குறைகிறது என்று காட்லிக்குத் தோன்றியது. பெரிய பையன்கள் அழமாட்டார்கள், சத்தம் போடாதே என்ற பொருளில் ஒரு வரியை, பியானோ பதிவின்போது தான் மைக்கில் முணுமுணுத்ததாக கிரீம் சொன்னார். அந்த நேரம் பார்த்து வரவேற்பாளராக வேலை பார்த்த பெண் கதவைத் திறந்து, போன் வந்திருக்கிறது என்று கிசுகிசுத்தார். அந்தக் குரல்தான் வேண்டும் என்று கிரீம் துள்ளி எழுந்தார். பாட்டின் நடுவில் கேட்கும் ரகசியக் குரல் அந்த வரவேற்பாளருடையது.

இது சேர்த்துச் சேர்த்துக் கட்டிய முறை. எடுத்து எடுத்துக் கட்டிய முறை ஒன்றும் உண்டு, அதே காலத்தில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அங்கே ரெகே சிங்கிள் இசைத்தட்டுகளின் மறுபக்கத்தில் அதே பாட்டைக் குரல் இல்லாமல் போடும் வழக்கம் 1960களின் கடைசியில் வந்தது. இன்னொரு பாட்டுக்கு வாத்தியக்காரர்களைக் கூப்பிடும் செலவு மிச்சம்; தெருவில் பெரிய ஸ்பீக்கர் வைத்து நடனம் நடத்துகிறவர்கள் அதன்மேல் மைக்கில் பேசவும் வசதி. கிங் டப்பி என்று பெயர் பெற்ற ஆஸ்போர்ன் ரடாக் அடிப்படையில் எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் தன் வீட்டில், நான்கு டிராக் கன்சோல் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த மறுபக்கங்களை மிக்ஸ் செய்தார். வாத்தியங்கள் வேறு ஸ்டுடியோக்களில் ஏற்கெனவே பதிவானவை. அவர் ஒரு சுரம்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை.

பாடகர் ஒரு வார்த்தையைத் தொடங்குவார். அதன் முதல் அசை எக்கோவுக்குள் போனதும் டப்பி குரலின் ஃபேடரை மூடிவிடுவார். டேப் எக்கோவில் பதிவு ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க டேப்புக்கு ஆகும் நேரம்தான் தாமதம். வெளியே வந்ததைக் கொஞ்சம் மறுபடி உள்ளே விட்டால் அது திரும்பத் திரும்ப ஒலித்துத் தேயும். குரல் மூடிய பிறகும் அதன் அசை மட்டும், டிரம்ஸும் பேஸும் நடுவே, நாலைந்து முறை எதிரொலித்து மறையும். பிறகு திடீரென்று டிரம்ஸ் போகும், பேஸ் மட்டும் நிற்கும். கன்சோலில் இருந்த ஒரு ஃபில்டரைத் திருகினால் 70 ஹெர்ட்ஸிலிருந்து 7500 வரை படிப்படியாகக் கீழ் ஒலிகள் வெட்டுப்பட்டு, ஹை-ஹாட்டின் சீற்றம் மட்டும் எஞ்சும். ஸ்பிரிங்கின் அதிர்வால் முழக்கம் சேர்க்கும் ஸ்பிரிங் ரிவர்ப் பெட்டியைக் கையால் தட்டினால் இடி. எல்லாம் டேப் ஓடும்போதே, ஒரே மூச்சில். அடுத்த முறை மிக்ஸ் செய்தால் வேறு மாதிரி வரும்.

ஜேக்கப் மில்லர் பாடிய பாட்டு ஒன்றின் இப்படிப்பட்ட வடிவத்தை அதன் தயாரிப்பாளர் அகஸ்டஸ் பாப்லோ வெளியிட்டார். பெயர் 'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்'. மூலப் பாட்டைவிட அதுதான் நிலைத்தது. மிக்ஸ் செய்தவரின் பெயர் பாட்டின் தலைப்பிலேயே இருக்கிறது, பார்த்தீர்களா.

டென் சிசி கதையில் அப்படி இல்லை. பாட்டை எழுதியவர்கள் என்று பதிவாகியிருப்பது ஸ்டூவர்ட்டும் கோல்ட்மேனும் மட்டும். குரல்களால் செய்யலாம் என்ற காட்லியும், லூப் யோசனை சொன்ன கிரீமும் அந்த வரியில் இல்லை. மெட்டும் வரியும்தான் 'பாட்டு', மற்றது 'ஒலிப்பதிவு' என்ற பிரிவினையின்படி இது சரி. கிட்டாரை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் அந்த மெட்டைப் பாடலாம், அப்போதும் அது அவர்கள் இருவரின் பாட்டுதான். ஆனால் மக்கள் கேட்டு மயங்கியது எதில் என்று பார்த்தால் இந்தப் பிரிவினை நொண்டுகிறது.

நம் சினிமாப் பாட்டிலும் இந்த இரண்டு போக்கும் உண்டு. இளையராஜா எல்லா வாத்தியங்களுக்கும் நொட்டேஷன் எழுதிவிட்டே பதிவுக்குப் போகிறவர். அங்கே இசையமைப்பு தாளில் முடிந்துவிடுகிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் 'ரோஜா'வோடு வந்தபோது சொந்த ஸ்டுடியோவோடு வந்தார். பல விதமாகப் பாடச் சொல்லிப் பதிந்துகொண்டார், எது பாட்டில் வரும் என்பது வெளியான பிறகுதான் தெரிந்தது என்று பாடகர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே தேர்ந்தெடுத்து அடுக்குவதே இசையமைப்பின் பாதி. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று நான் நினைக்கவில்லை. முடிவு எடுக்கப்படும் இடம் வேறு, அவ்வளவே.

நீங்களே செய்து பார்க்க ஆசை இருந்தால் இன்று மூன்று வாரம் தேவையில்லை. ஃபேடர் அசைவைப் பதிவு செய்யும் வசதியுள்ள எந்த மென்பொருளும் போதும். காதில் ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு அதை 'ஆ' என்று பத்து முறையாவது புதிதாகப் பாடுங்கள். நகல் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கலந்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நொடியை வெட்டிவிட்டு, முனைகளைக் கால் நொடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இழைத்து லூப் ஆக்குங்கள். பன்னிரண்டு சுரத்துக்கும் இதைச் செய்ய ஒரு நாள் போதும். லூப்களின் நீளம் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடட்டும், ஒன்று ஒன்பது நொடி என்றால் அடுத்தது ஒன்பதரை. எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் சில சுற்றுக்குப் பிறகு ஒரு மெல்லிய துடிப்பு காதில் படும். ஆட்டோட்யூனைப் போட்டுச் சுருதியைச் சமன் செய்யாதீர்கள்; மினுமினுப்பு செத்து மலிவான ஆர்கன் ஒலியாகிவிடும். பிறகு ஃபேடர்களை மவுஸால் வரையாமல் கையால் ஆட்டிப் பதியுங்கள், சிறிய கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. இறக்கும்போது பூஜ்யத்துக்குப் போகாமல் கார்டைவிட 30, 35 டெசிபல் கீழே நிறுத்திவையுங்கள். அந்த அளவை மட்டும் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாமல் ஹெட்ஃபோனிலும் பாருங்கள்: ஹெட்ஃபோனில் சுரம் சுரமாகப் பிரிந்து கேட்டால் அதிகம், அதை ம்யூட் செய்தாலும் வித்தியாசமே தெரியாவிட்டால் குறைவு. கடைசியாக ஒருமுறை மோனோவில், போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஸ்டீரியோ அகலத்துக்காக எஃபெக்ட் எதையாவது அள்ளிப் போட்டிருந்தால், அங்கே குரல்களில் பாதி காணாமல் போயிருக்கும்.